ஹெப்பாரின் தொடங்கி எட்டாம் நாள், விலாவுக்குக் கீழே வலி, ஏறாத பி.பி.: இரண்டு அட்ரினலிலும் ரத்தக்கசிவு

இரவுப்பணி

ஐ.சி.யூ.வில் பயிற்சியில் இருக்கிறேன். சில வாரங்களுக்கு முன் பார்த்த ஒரு நோயாளி மனதை விட்டுப் போகவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

68 வயது அம்மா. மூட்டு மாற்று அறுவை. சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம் என்பதால், காலில் ரத்தம் உறையாமல் இருக்க சாதாரண ஹெப்பாரினையே தோலுக்கடியில் போட்டு வந்தார்கள். முதல் ஆறு நாள் நன்றாக இருந்தார், நடக்கவும் தொடங்கினார். ஏழாம் நாள் இரவு மேல் வயிற்றிலும், முதுகில் விலா எலும்பு முடியும் இடத்திலும் வலி. வாந்தி. வாயுத்தொல்லை என்று மருந்து கொடுத்தார்கள். எட்டாம் நாள் காய்ச்சல் 38.4, பி.பி. 102/60. அன்று மாலை பேச்சு குழறியது, பி.பி. 76/42. எங்களிடம் வந்தார்.

கிருமித்தொற்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை, ட்ரோபோனின் சாதாரணம், அறுவைக் காயம் சுத்தமாக இருந்தது. ஆன்டிபயாடிக் தொடங்கி மூன்று லிட்டர் சலைன் கொடுத்தோம். பி.பி. ஏறி அரை மணி நேரத்தில் திரும்ப விழுந்தது. நார்அட்ரினலினைக் கூட்டிக்கொண்டே போனோம். சோடியம் 133, பொட்டாசியம் 4.4. ஹீமோகுளோபின் 11.2 இருந்தது 9.1 ஆகிவிட்டது, ஆனால் எங்கும் ரத்தம் போனதாகத் தெரியவில்லை.

குடலில் ஓட்டை ஏதாவது விழுந்திருக்குமோ என்று வயிற்றுக்கு சி.டி. எடுத்தோம். குடலில் ஒன்றும் இல்லை. 'இரண்டு அட்ரினல் சுரப்பிகளும் பருத்துள்ளன, புற்றுநோய் பரவலா எனப் பார்க்கவும்' என்று ரிப்போர்ட். அதைப் படித்துவிட்டு நான் 'அப்புறம் பார்க்கலாம்' என்று குறித்து வைத்தேன். இரவு இரண்டு மணிக்கு வந்த மூத்த டாக்டர் கோப்பைப் புரட்டி ஒரே கேள்வி கேட்டார்: "பிளேட்லெட் முதல் நாள் எவ்வளவு, இன்று எவ்வளவு?" முதல் நாள் 2,36,000. அன்று 82,000.

உடனே ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைக்கச் சொன்னார், 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் போட்டார், ஹெப்பாரினை நிறுத்தினார். விடிவதற்குள் நார்அட்ரினலின் பாதியாகக் குறைந்தது. எடுத்து வைத்த ரத்தத்தில், அட்ரினல் சுரக்கும் கார்டிசால் 2.1 மைக்ரோகிராம் மட்டுமே.

என் கேள்வி இதுதான். அவர் பார்த்ததை நான் எந்த இடத்தில் பார்த்திருக்க வேண்டும்?

ஆறாம்_எண்_வார்டு

நான் செவிலியர், பதினாறு வருட அனுபவம். எனக்குச் சொல்லிக்கொடுத்தது இப்படி: அட்ரினல் கெட்டால் சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும், உள்ளங்கை ரேகையும் வாய்க்குள்ளும் கருக்கும். உங்கள் நோயாளிக்குப் பொட்டாசியம் 4.4 என்றால் அட்ரினல் என்று யாருக்குமே தோன்றாது. உங்கள் மேல் தவறில்லை தம்பி.

நாளமில்லா

ஆறாம் வார்டு அம்மா சொன்னது மெதுவாகக் கெடும் அட்ரினலுக்குச் சரி. திடீரென்று கெடுவதற்குப் பொருந்தாது. இந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோல் கருக்க வாரங்கள், மாதங்கள் ஆகும். அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனைப் பிட்யூட்டரி நெடுநாள் கொட்டிக்கொண்டே இருந்தால்தான் அந்த நிறம் வரும். எட்டு நாளைக்கு முன் நல்ல அட்ரினலோடு அறுவை அறைக்குள் போனவருக்கு அது இருக்காது.

பொட்டாசியமும் அப்படித்தான். உப்பைக் காக்கும் அட்ரினல் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் நின்ற உடனே உப்புக் கணக்கு மாறிவிடாது, நேரம் பிடிக்கும். கார்டிசால் இல்லாததால் பி.பி. விழுவதோ சில மணி நேரத்தில் நடந்துவிடும். இந்த அம்மா வாந்தி எடுத்திருக்கிறார், அதில் பொட்டாசியம் வெளியே போகும். மூன்று லிட்டர் சலைனும் போயிருக்கிறது, சோடியம் அதில் தேறிக்கொள்ளும். ஆக, நம் சிகிச்சையே அடையாளத்தை அழித்துவிடுகிறது. உப்பு மாறியிருந்தால் சந்தேகம் கூடும். மாறவில்லை என்பதற்காகச் சந்தேகத்தைக் கைவிடக் கூடாது.

இனி, இந்தச் சுரப்பியில் ஏன் இப்படி நடக்கிறது என்று பார்த்தால் துப்புகள் தானாக விளங்கும். ஒவ்வொரு அட்ரினலுக்கும் மூன்று பக்கத்திலிருந்து தமனிகள் வருகின்றன. உள்ளே நுழையும்போது அவை ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு கிளைகளாகப் பிரிந்திருக்கும். வெளியே போக இருப்பது ஒரே ஒரு நடுச்சிரை. மதகு ஒன்றே ஒன்று உள்ள ஏரி போல. அறுவை, காய்ச்சல் போன்ற அழுத்தம் வந்தால் ஏ.சி.டி.எச். ஏறி உள்ளே வரும் ரத்தம் பல மடங்காகிறது. அந்த நேரம் பார்த்து நடுச்சிரையில் ரத்தம் உறைந்தால் உள்ளே வந்ததற்குப் போக்கிடம் இல்லை. சுரப்பி வீங்கி, திசு செத்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டுகிறது. வலி அதனால். காய்ச்சலும் ஹீமோகுளோபின் இறங்குவதும் அதனால். பி.பி. கடைசியில் விழுகிறது, ஏனென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் அழிந்தால்தான் உடம்பு தடுமாறும்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: ஏழாம் நாள் இரவு. வலி வந்தபோது.

மேகமலை

மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினை என்று நினைக்கிறேன். எப்போதும் சோர்வு, காலையில் எழவே முடியவில்லை. போன வருடம் எடுத்த ஸ்கேனில் இடது அட்ரினலில் 1.4 செ.மீ. கட்டி என்று இருந்தது. அதில் ரத்தம் கசிந்து நானும் மயங்கி விழுவேனா? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

நாளமில்லா

நீங்கள் கேட்பது வேறு விஷயம், பயப்பட வேண்டாம். வேறு காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேன்களில் அட்ரினலில் சிறு கட்டி தெரிவது அடிக்கடி நடப்பது. பெரும்பாலும் அது எதுவும் செய்யாமல் அப்படியே இருக்கும். உங்களுக்கு ஒரு பக்கம்தான், மறுபக்கம் நன்றாக இருக்கிறது. ஒரு அட்ரினல் முழுதாக இருந்தால் உடம்புக்குப் போதும். அந்தக் கட்டி ஹார்மோன் சுரக்கிறதா என்று ஒருமுறை ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் ஒரு டாக்டரிடம் போய்ச் செய்துகொள்ளுங்கள். சோர்வுக்கான காரணத்தையும் அவரே தனியாகத் தேடுவார்.

ரத்தத்துளி

ரத்தவியலில் இருக்கிறேன். பிளேட்லெட் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையின் சாவி அங்கேதான் இருக்கிறது.

82,000 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் யாரும் பதற மாட்டார்கள். அறுவைக்குப் பின் குறைவது வழக்கம்தானே என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த வழக்கத்துக்கு ஒரு நாள்கணக்கு உண்டு. அறுவை முடிந்த முதல் மூன்று நான்கு நாள் இறங்கும், பிறகு ஏறும், முன்பு இருந்ததையும் தாண்டிக்கூடப் போகும். ஏற வேண்டிய நாளில் இறங்கினால் அது அறுவையால் வந்தது அல்ல. இந்த அம்மாவுக்கு ஐந்தாம் நாள் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். நிச்சயம் ஏறிவிட்டுத்தான் இறங்கியிருக்கும்.

ஹெப்பாரின் தொடங்கி ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள் பிளேட்லெட் பாதிக்கு மேல் குறைந்தால் ஹெப்பாரினுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம். கடந்த சில வாரங்களில் ஏற்கெனவே ஹெப்பாரின் போட்டிருந்தால் முதல் நாளிலேயே விழலாம். இதில் விசித்திரம் என்னவென்றால், பிளேட்லெட் குறைந்தும் ரத்தம் ஒழுகுவதில்லை, உறைகிறது. அந்த ஆன்டிபாடி பிளேட்லெட்டுகளைத் தூண்டிவிட்டு ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. காலில் உறையும், நுரையீரலில் உறையும், இப்படி அட்ரினல் சிரையிலும் உறையும். அதனால்தான் பிளேட்லெட் குறைந்தவருக்கு அட்ரினலில் ரத்தம் என்று கேட்டவுடன் "ரத்தம் மெலிந்துவிட்டது" என்று நினைப்பது பாதிதான் சரி. தொடக்கம் உறைதல், கசிவு அதன் பின்விளைவு.

இரவுப்பணி

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் 1,88,000. ஐந்தாம் நாள் 2,51,000. ஏழாம் நாள் காலை 1,34,000. எட்டாம் நாள் 82,000. நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. ஏழாம் நாள் காலை ரிப்போர்ட்டில் எந்தச் சிவப்புக் குறியும் இல்லை, 1,34,000 என்பது கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். வலி அன்று இரவு வந்திருக்கிறது.

ரத்தத்துளி

பார்த்தீர்களா. ஆய்வகம் எண்ணைச் சாதாரண அளவோடு ஒப்பிட்டுத்தான் குறி போடும். அந்த நோயாளியின் நேற்றைய எண்ணோடு நாம்தான் ஒப்பிட வேண்டும்.

படம்பார்ப்பவன்

ரேடியாலஜி பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. அந்த ரிப்போர்ட் எழுதியவரைக் குறை சொல்வது எளிது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். கோரிக்கைத் தாளில் "குடல் ஓட்டையா?" என்று மட்டும் இருந்தால் கண் குடலைத்தான் தேடும். ஹெப்பாரின், பிளேட்லெட், ஏறாத பி.பி. ஆகிய மூன்றையும் எழுதியிருந்தால் அதே படத்தை வேறு விதமாகப் பார்த்திருப்பார்.

கான்ட்ராஸ்ட் கொடுக்காமல் எடுத்த படம் இருந்தால் அட்ரினலில் புள்ளி வைத்து அடர்த்தியை அளக்கலாம். புதிய ரத்தம் 50 முதல் 90 ஹவுன்ஸ்ஃபீல்டு வரை காட்டும். கொழுப்பு நிறைந்த சாதாரணக் கட்டி 10க்குக் கீழே இருக்கும். வழக்கமான, ஒல்லியான ஆங்கில 'Y' எழுத்தைத் தலைகீழாக வைத்தது போன்ற வடிவம் போய், முட்டை வடிவில் பருத்திருக்கும், சுற்றியுள்ள கொழுப்பும் கலங்கியிருக்கும். கான்ட்ராஸ்ட் கொடுத்த படம் மட்டுமே கையில் இருந்தால் சிரமம்தான்.

எல்லாவற்றையும் விட நல்ல துப்பு பழைய ஸ்கேன். ஏற்கெனவே எடுத்தது ஏதாவது உண்டா?

இரவுப்பணி

உண்டு சார். ஒரு வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்தது. அதில் இரண்டு அட்ரினலும் ஒல்லியாக, சாதாரணமாக இருக்கின்றன. இப்போதைய படத்தில் கான்ட்ராஸ்டுக்கு முந்தைய பகுதியில் வலது 64, இடது 61 என்று அளந்தார்கள்.

படம்பார்ப்பவன்

ஒரு வருடம் முன் சுத்தமாக இருந்த இரண்டும் ஒரே நேரத்தில் பருத்து, இந்த அடர்த்தியில், வலியோடு இருந்தால் ரத்தம்தான். அப்புறம் ஒன்று. மிகத் தொடக்கத்தில் எடுத்தால் வெறும் வீக்கமாகவோ, ஒரு பக்கம் மட்டுமோகூடத் தெரியலாம். "நேற்று ஸ்கேன் நன்றாக இருந்ததே" என்று கதவைச் சாத்திவிட வேண்டாம்.

துணைவர்

நான் டாக்டர் இல்லை. என் மனைவிக்கு இது நடந்தது. படித்துக்கொண்டே வரும்போது கை நடுங்கியது.

அவளுக்கு முன்பு இரண்டு முறை கரு கலைந்திருக்கிறது, ஒருமுறை காலில் ரத்தம் உறைந்து மாத்திரை சாப்பிட்டு வந்தாள். பித்தப்பை அறுவைக்காக அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். அறுவை முடிந்து நான்காம் நாள் இரண்டு விலாவிலும் வலி, காய்ச்சல், பி.பி. இறங்கி ஐ.சி.யூ. கிருமித்தொற்று என்று சொல்லி ஆன்டிபயாடிக்கோடு ஸ்டெராய்டும் கொடுத்தார்கள். அதிசயம் போல் எழுந்தாள். ஐந்தாம் நாள் ஸ்டெராய்டை நிறுத்தி, இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் சாப்பிடவே இல்லை. குமட்டல், எழுந்தால் தலைசுற்றல். அறுவைக் களைப்பு என்று நானும் நினைத்தேன். ஐந்தாம் நாள் குளியலறையில் விழுந்து கிடந்தாள். வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அங்கேதான் அட்ரினல் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது நான்கு வருடம் ஆகிறது, மாத்திரையோடு நன்றாக இருக்கிறாள். அவளுக்கு ஹெப்பாரின் போட்டார்களா என்றே எனக்குத் தெரியாது. அப்படியென்றால் அவளுக்கு ஏன் வந்தது?

நாளமில்லா

ஐயா, உங்கள் மனைவி நலமாக இருப்பது கேட்டு நிம்மதி. கரு கலைந்தது, காலில் உறைந்தது, மாத்திரை நின்றவுடன் இது நடந்தது, இவற்றை வைத்துப் பார்த்தால் ஆன்டிபாஸ்போலிபிட் நோய் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்களே?

துணைவர்

ஆமாம், அதே பெயர்தான். முதல் மருத்துவமனையில் ஏதோ ஒரு உறைதல் சோதனை நேரம் கூடியிருக்கிறது என்று சொல்லி, ரத்தம் உறையாத உடம்பு, மாத்திரை இப்போது வேண்டாம் என்றார்கள்.

ரத்தத்துளி

ஏ.பி.டி.டி. சோதனையாக இருக்கும். அந்த நோயில் சோதனைக்குழாயில் உறைய நேரம் ஆகும், உடம்புக்குள்ளோ அளவுக்கு மீறி உறையும். நோயின் இயல்பே இப்படி ஏமாற்றுவது. ஹெப்பாரின் கதையில் பிளேட்லெட் செய்த வேலையை இங்கே இந்த நோயின் ஆன்டிபாடி செய்கிறது. முடிவு ஒன்றுதான்: நடுச்சிரை அடைபட்டது.

நாளமில்லா

உங்கள் மனைவிக்கு நடந்ததில் இன்னொரு பாடம் இருக்கிறது, இரவுப்பணி தம்பியும் கவனிக்க வேண்டும். கிருமித்தொற்று அதிர்ச்சியிலும் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் கொடுக்கிறோம். அதில் அட்ரினல் நன்றாக இருப்பவருக்கும் பி.பி. கொஞ்சம் தேறும். ஆகவே ஸ்டெராய்டுக்குப் பிறகு எழுந்தார் என்பதை மட்டும் வைத்து அட்ரினல் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது, நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஹைட்ரோகார்டிசோன் உள்ளே போன பிறகு கார்டிசால் பார்த்தால் ஊசி மருந்தே கார்டிசாலாகத் தெரியும். முதல் ஊசிக்கு முன் எடுத்த ஒரு குழாய் ரத்தம் மட்டும்தான் பிறகு உண்மையைச் சொல்லும். அது இல்லாததால் உங்கள் மனைவியின் ஸ்டெராய்டைத் தொற்று முடிந்தது என்று நிறுத்தினார்கள்.

ஆனால் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ரத்தத்தை எடு, கார்டிசாலுக்கும் ஏ.சி.டி.எச்.சுக்கும் அனுப்பு, அடுத்த நிமிடமே 100 மில்லிகிராம் நரம்பில் போடு. பிறகு ஆறு மணிக்கொருமுறை 50. ரத்தம் எடுக்க முடியாத நிலை என்றால் எடுக்காமலேயே போடு. தேவையில்லாதவருக்கு ஒரு நாள் போட்டதால் பெரிய கெடுதல் வராது.

நார்அட்ரினலின் ஓடும் அளவு அதிர்ச்சியில் இருக்கும் ஒருவருக்குக் கார்டிசால் 2.1 என்பதற்கு விளக்கம் தேடவே வேண்டாம். அந்த நிலையில் நல்ல அட்ரினல் 20, 30 என்று கொட்டியிருக்கும். 8, 12 என்று நடுவில் வந்தால்தான் குழப்பம். அப்போது ஏ.சி.டி.எச். மிக உயர்ந்திருக்கிறதா என்பதையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆறாம்_எண்_வார்டு

பொட்டாசியம் பற்றி நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். இப்படிப்பட்டவர்கள் ஐ.சி.யூ.வுக்குப் போவதற்கு முந்தைய இரவு எங்களிடம்தான் இருப்பார்கள். வலி என்று எழுதுவோம், காய்ச்சல் என்று வேறு தாளில் எழுதுவோம், பிளேட்லெட் கணினியில் இருக்கும். யாரும் மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் டாக்டரைக் கூப்பிட்டு நான் என்ன சொல்ல வேண்டும்? "வயிறு வலிக்கிறது" என்றால் வாயு மருந்துதான் எழுதுவார்.

நாளமில்லா

"அறுவை முடிந்து ஏழாம் நாள், ஹெப்பாரின் போகிறது, இரண்டு பக்க விலாவும் வலிக்கிறது, பிளேட்லெட் இரண்டு நாளில் பாதியாகிவிட்டது" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள் அம்மா. இதைக் கேட்டபின் வாயு மருந்து எழுத யாருக்கும் கை வராது.

இரவுப்பணி

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஹெப்பாரின் ஆன்டிபாடி சோதனை பாசிட்டிவ். ஹெப்பாரினை நிறுத்தியாயிற்று, குழாய் கழுவும் ஹெப்பாரின் சலைன்கூட நிறுத்தினோம். மாற்றாக அர்கட்ரோபான் தொடங்கலாம் என்று ஒருவர். அட்ரினலில் ரத்தம் கொட்டியிருக்கும்போது உறைதல் தடுப்பு மருந்தா என்று அறுவை மருத்துவர் கோபப்பட்டார். கடைசியில் ஹீமோகுளோபின் ஒரு நாள் முழுக்க இறங்காமல் நின்ற பிறகு தொடங்கினோம்.

ரத்தத்துளி

என்னைக் கேட்டால் அந்த ஒரு நாளும் அதிகம். ஹெப்பாரினை நிறுத்துவது மட்டும் போதாது, ஆன்டிபாடி உடம்பில் இருக்கும்வரை உறைந்துகொண்டேதான் இருக்கும். கால் போகும், உயிர் போகும். சிறுநீரகம் பலவீனம் என்பதால் கல்லீரல் வழி வெளியேறும் அர்கட்ரோபான் நல்ல தேர்வு. பிளேட்லெட் 1,50,000 தொடும்வரை வார்ஃபரின் பக்கம் போகவே கூடாது. முதல் நாட்களில் அது உறைதலைக் கூட்டி விரல்களையே அழுக வைக்கும்.

நாளமில்லா

கொள்கையில் உங்களோடு ஒத்துப்போகிறேன். நேரத்தில் இல்லை. ஹீமோகுளோபின் இரண்டு கிராம் இறங்கிய 68 வயது அம்மாவுக்குச் சில மணி நேரம் காத்திருந்து பார்ப்பேன், குறைந்த வேகத்தில் தொடங்குவேன். அறுவை மருத்துவரின் பயத்தைத் தள்ளிவிட முடியாது, புது மூட்டுக்குள் ரத்தம் கட்டினால் அதுவும் பெரிய தொல்லை.

ரத்தத்துளி

புது மூட்டில் ரத்தம் கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன், காத்திருந்ததால் காலை இழந்தவரையும் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டாவதுதான் கனவில் வருகிறது. இதில் நாம் வேறுபட்டே இருப்போம்.

துணைவர்

ஒரே ஒரு கேள்வி. ரத்தம் வற்றிய பிறகு அட்ரினல் திரும்ப வேலை செய்யுமா? நான்கு வருடமாக ஒவ்வொரு முறையும் ஆசையோடு கேட்கிறேன்.

நாளமில்லா

பெரும்பாலானவர்களுக்குத் திரும்புவதில்லை ஐயா. சிலருக்கு ஓரளவு திரும்பியிருக்கிறது, அதனால்தான் அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது. நான்கு வருடம் கழித்துத் திரும்பும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். அவரிடம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி வீட்டில் இருக்கிறதா, உங்களுக்குப் போடத் தெரியுமா? வாந்தியில் மாத்திரை நிற்காத நாளில் அதுதான் காப்பாற்றும்.

துணைவர்

இருக்கிறது. போடவும் தெரியும். ஒருமுறை போட்டும் இருக்கிறேன்.

இரவுப்பணி

எங்கள் நோயாளி நேற்று ஆறாவது வாரப் பரிசோதனைக்கு வந்தார். முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு ஹைட்ரோகார்டிசோன் இல்லாமல் காலை எட்டு மணிக்கு எடுத்த கார்டிசால் 1.4. காலை 10, மதியம் 5, மாலை 5 என்று ஹைட்ரோகார்டிசோனும், 0.1 மில்லிகிராம் ஃப்ளூட்ரோகார்டிசோனும் தொடர்கிறார். ஸ்கேனில் இரண்டு சுரப்பிகளும் சுருங்கத் தொடங்கியிருக்கின்றன, புற்றுநோய் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. கோப்பின் முகப்பில் 'ஹெப்பாரின் கூடாது' என்று சிவப்பில் எழுதி, அதையே ஒரு அட்டையிலும் எழுதிப் பையில் வைக்கக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்போம். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.